சென்னையைத் தனியாக நிறுத்தியதும் வரைபடம் பேச ஆரம்பித்தது

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மாவட்டங்களின் மக்கள் அடர்த்தியை நிறத்தின் அழுத்தத்தால் காட்டும் கோரோப்ளெத் வரைபடம் ஒரு வழியாகப் பார்க்கும்படி வந்துவிட்டது. மென்பொருள் QGIS. இணைப்பு, ப்ராஜெக்‌ஷன் சமாச்சாரங்களை விட்டுவிடுகிறேன். என் பொழுது முழுவதையும் தின்றது வகுப்பு இடைவெளிதான்.

காரணம் சென்னை. அங்கே சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர். அடுத்து வரும் கன்னியாகுமரியில் 1,111 பேர்தான். கடைசியில் நீலகிரி, 287. இந்த எண்களை `Equal Interval` முறையில் ஐந்து வகுப்பாகப் பிரித்தால் ஒவ்வொன்றின் அகலமும் ஏறக்குறைய 5,253. முதல் வகுப்பு 5,540 வரை போகிறது. ஆக, 31 மாவட்டங்களும் ஒரே வெளிர் நிறம், நடுவில் மூன்று வகுப்பு காலி, மேலே வடகிழக்கு மூலையில் கரும்புள்ளியாகச் சென்னை. கன்னியாகுமரியும் நீலகிரியும் ஒன்று என்று சொல்கிற படம் எதற்கு?

பலரும் அடுத்து போய் நிற்பது `Equal Count (Quantile)`. பார்க்க அழகாகத்தான் இருக்கும், எல்லா நிறமும் சம அளவில் பரவிவிடும். ஆனால் இது இன்னும் நைசாகப் பொய் சொல்லும். முதல் வகுப்பு திண்டுக்கல்லோடு (357) முடிந்து, பக்கத்திலேயே இருக்கும் கரூர் (367) அடுத்த நிறத்துக்குப் போய்விடுகிறது. பத்துப் பேர் வித்தியாசத்துக்கு ஒரு நிற எல்லை! மேல் முனையிலோ 731 உள்ள கோயம்புத்தூரும் 26,553 உள்ள சென்னையும் ஒரே அடர்நிறத்தில் உட்கார்ந்திருக்கின்றன.

சரி, கையாலேயே வெட்டிவிடலாம் என்று `Histogram` தாவலைத் திறந்தேன். முதலில் சென்னையை வடிகட்டி எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மற்ற எல்லாம் இடது ஓரத்தில் ஒரே குச்சியாக ஒட்டிக்கொண்டு நிற்கும். எடுத்த பிறகு எண்களுக்கு நடுவே இயல்பான இடைவெளிகள் தெரிகின்றன. திருவண்ணாமலை 398, அடுத்தது தேனி 434. மாநில சராசரியான 555-ஐச் சுற்றியும் ஆள் இல்லை. கீழே திருவாரூர், மேலே 604-இல் திருச்சி. கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் (819) நடுவேயும் நல்ல இடைவெளி. ஆகவே 400, 555, 750 என்று வெட்டினேன். கீழிருந்து 13, 7, 7, 4 மாவட்டங்கள், அப்புறம் சென்னை தனி வகுப்பு. குறிவிளக்கத்தில் ‘750க்கு மேல்’ என்று ஒரே பெட்டியில் அதையும் அடைக்காமல், ‘சென்னை: 26,553’ என்று பெயரோடே எழுதிவிட்டேன். `Natural Breaks (Jenks)` நல்ல முறைதான், ஆனால் சராசரியில் ஒரு வெட்டு விழ வேண்டும் என்று அதற்குத் தெரியாது. வாசகர் முதலில் கேட்பது அதைத்தான்.

நிறத்துக்கு ColorBrewer-இன் `YlOrBr`, ஐந்து படி:

```
#ffffd4 #fed98e #fe9929 #d95f0e #993404
```

ஒரே திசையில் கறுத்துக்கொண்டே போவதால் எது கூட, எது குறைவு என்று குறிவிளக்கத்தைப் பார்க்காமலே தெரியும். பச்சையில் தொடங்கி சிவப்பில் முடிக்கிறவர்களை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. `View → Preview Mode`-இல் நிறக்குருடு தோற்றத்துக்கு மாற்றிப் பார்த்தால் அந்தப் படங்களின் இரு முனையும் ஒன்றாகிவிடும்.

இதிலும் இரண்டு தொல்லை உண்டு. முதல் நிறம் வெள்ளைத் தாளில் காணாமல் போகும், ராமநாதபுரத்தின் கரை எது, கடல் எது என்றே தெரியாது. கடலுக்கு வெளிர் நீலமும் அண்டை மாநிலங்களுக்கும் புதுச்சேரிக்கும் சாம்பலும் கொடுத்ததும் அது தீர்ந்தது. இரண்டாவது, திருச்சி. பெரம்பலூர், அரியலூர், புதுக்கோட்டை, கரூர் என்று சுற்றிலும் வெளிறிய மாவட்டங்கள் இருப்பதால், அதே நிறமுள்ள நாகப்பட்டினத்தைவிடக் கண்ணுக்கு ஒரு படி கறுப்பாகத் தெரிகிறது. ஏழு வகுப்பு வைத்தபோது இந்த மயக்கத்தில் ஒரு படியே தவறாகப் படிக்க நேர்ந்தது. ஐந்தில் படிகளுக்கு நடுவே தூரம் கூடிவிட்டதால் அவ்வளவு ஏமாறவில்லை. எல்லைக்கோட்டை வெள்ளையாக்கியதும் கொஞ்சம் உதவியது.

எல்லைக் கோப்பு தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: இணையத்தில் இப்போது கிடைப்பவை பெரும்பாலும் 38 மாவட்டக் கோப்புகள். 2011-க்கு 32 மாவட்டக் கோப்புதான் வேண்டும். சென்னையின் பரப்பு அப்போது 175 சதுர கிலோமீட்டர், 2018 விரிவாக்கத்துக்குப் பின் 426. பழைய மக்கள்தொகையைப் புதுப் பரப்பால் வகுத்தால் அடர்த்தி 11,000-க்கும் கீழே இறங்கிவிடும், அது எந்த ஆண்டுக்கும் சொந்தமில்லாத எண்.

தாளில் சென்னை கடுகளவுதான் தெரிகிறது என்பதால் மூலையில் ஒரு பெரிதாக்கிய பெட்டி வைக்க வேண்டும், அது இன்னும் பாக்கி. அதற்குள் மனம் பாலின விகிதப் படத்துக்குத் தாவிவிட்டது. அதற்கு இந்த ஒற்றைத் திசை நிறம் ஆகாது. 1,000-ஐ நடுவில் வைத்து இரு பக்கமும் விரியும் `PuOr` எடுக்கலாம் என்றிருக்கிறேன். தர்மபுரி 946, நீலகிரி 1,042, இரண்டும் எதிரெதிர் நிறத்தில் வர வேண்டும்.