‘கருதப்படும்’ என்ற சொல் எதுவரை?

இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், 1956-இன் 12-ஆம் பிரிவைக் கையில் எடுக்கும் இளம் வழக்கறிஞர்கள் முதல் வரியோடு நின்றுவிடுகிறார்கள். தத்தெடுத்த நாள் முதல் அந்தக் குழந்தை எல்லா நோக்கங்களுக்கும் தத்தெடுத்தவரின் குழந்தையாகவே கருதப்படும். பிறந்த குடும்பத்தோடு இருந்த உறவு அறுந்ததாகக் கருதப்படும். இதுதான் சட்டப் புனைவு. உண்மையில் இல்லாத ஒன்றை, இல்லை என்று தெரிந்தே இருப்பதாகக் கொள்வது.

ஏன் இப்படி? வாரிசுரிமை, காப்பாளர், ஜீவனாம்சம் என்று எத்தனையோ சட்டங்களில் ‘மகன்’, ‘மகள்’ என்ற சொற்கள் வருகின்றன. ஒவ்வொன்றிலும் ‘தத்துப் பிள்ளையும் சேர்த்து’ என்று திருத்திக்கொண்டிருந்தால் எங்காவது ஒன்று விட்டுப்போகும். ஒரே வரியில் குழந்தையின் நிலையை மாற்றிவிட்டால் மற்றச் சட்டங்கள் பெரும்பாலும் தாமாகவே பின்தொடரும்.

இதை ஊகத்தோடு குழப்புவதுதான் நடைமுறையில் அதிகம் பார்க்கும் தவறு. அதே சட்டத்தின் 16-ஆம் பிரிவு, கொடுத்தவரும் எடுத்தவரும் கையெழுத்திட்ட பதிவுபெற்ற பத்திரம் இருந்தால் தத்து முறைப்படி நடந்ததாக ஊகிக்கச் சொல்கிறது. ஊகத்தைச் சாட்சியம் வைத்து உடைக்கலாம். பிள்ளையை உண்மையில் கையில் கொடுத்து வாங்கவே இல்லை என்று நிரூபித்துவிட்டால் பத்திரம் வெறும் காகிதம். புனைவு தொடங்கவே இல்லை. எடுத்தவர் மட்டும் கையெழுத்திட்ட பத்திரத்துக்கு இந்த ஊகமும் கிடைக்காது. ஆனால் தத்து செல்லுபடியாகிவிட்டால், ‘இவன் ரத்த மகன் இல்லை’ என்று யார் நிரூபித்தாலும் பயனில்லை. அது எல்லோருக்கும் தெரிந்த உண்மைதானே!

இனி எல்லைக்கு வருவோம். குழந்தையில்லாத ஒருவர் உயில் எழுதாமல் 2010-இல் இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் சுயமாகச் சம்பாதித்த வீடு மனைவிக்கும் தாய்க்கும் பாதிப் பாதியாகச் சேர்ந்துவிடுகிறது. 2012-இல் மனைவி ஒரு பையனைத் தத்தெடுக்கிறார். விதவை எடுக்கும் பிள்ளை இறந்த கணவருக்கும் பிள்ளையே என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் சொல்லிவிட்டது. பழைய இந்துச் சட்டத்தில் என்றால் அந்தத் தத்து, கணவர் இறந்த நாளுக்கே பின்னோக்கிப் போகும். பையன் வீட்டைக் கேட்கலாம். இப்போது முடியாது. ஒருவருக்கு ஏற்கெனவே சேர்ந்துவிட்ட சொத்தைத் தத்துப் பிள்ளை பறிக்கக் கூடாது என்று 12-ஆம் பிரிவே நிபந்தனை போடுகிறது. அதனால் மாமியாரின் பாதி மாமியாரிடமே இருக்கும். பிற்பாடு அவரும் உயில் இல்லாமல் இறந்தால், முன்பே இறந்த மகனின் மகன் என்ற முறையில் பையன் பங்கு கேட்கலாம். புனைவு முன்னோக்கி நடக்கிறது, பின்னோக்கி நடக்க விடப்படவில்லை. திருமணத்தில் இன்னொரு வேலி: பிறந்த குடும்பத்தில் யாரை மணக்கக் கூடாதோ, அந்தத் தடை தத்துக்குப் பிறகும் நீடிக்கும்.

இதைவிடக் கடினமான எல்லை வேறொரு சட்டத்துக்குள் நுழையும்போது வருகிறது. அரசு ஊழியர் இறந்தபின் அவர் மனைவி தத்தெடுத்த மகன் குடும்ப ஓய்வூதியம் கேட்ட வழக்கில், 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுத்தது. ஓய்வூதிய விதிகளில் ‘குடும்பம்’ என்ற சொல் ஊழியரோடு நேரடித் தொடர்புடையவர்களைத்தான் குறிக்கிறது; அவர் உயிரோடிருந்தபோது எடுத்த பிள்ளைக்கு உரிமை உண்டு, அவர் இறந்தபின் மனைவி எடுத்த பிள்ளைக்கு இல்லை என்பது காரணம். ‘எல்லா நோக்கங்களுக்கும்’ என்று எழுதியிருந்தும் இப்படி. கேட்கக் கொஞ்சம் கடுமைதான். ஆனால் ஊழியருக்கே தெரியாத ஒருவருக்கு அரசு காலம் கடந்து கடமைப்படுவதைத் தவிர்க்கும் நோக்கம் அதில் தெரிகிறது.

கம்பெனியிலும் இதே கணக்குத்தான். பதிவானதும் அது தனி நபர்: சொத்து வாங்கும், வழக்குப் போடும், உறுப்பினர்கள் இறந்தாலும் இருக்கும். ஆனால் நபர் என்றால் குடிமகனா? இல்லை என்று 1963-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அரசியலமைப்பின் 19-ஆவது பிரிவு குடிமக்களுக்கு மட்டும் தரும் உரிமைகளைக் கம்பெனி தன் பெயரில் கேட்க முடியாது.

புனைவு முதலாளிக்கு எதிராகவும் திரும்பும். தேயிலைக் கம்பெனி வருமானத்தில் 60 சதவீதம் விவசாய வருமானம் என்பதால் அதற்கு மத்திய வருமான வரி இல்லை. பங்குதாரர் ஒருவர், தன் டிவிடெண்டிலும் 60 சதவீதத்துக்கு விலக்கு வேண்டும் என்றார். 100 ரூபாய் டிவிடெண்டில் 60 ரூபாய் தேயிலைச் செடியிலிருந்து வந்ததுதானே என்பது அவர் வாதம். 1954-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நிலம் கம்பெனியுடையது, விவசாயம் செய்ததும் கம்பெனி, பங்குதாரருக்கு வந்த பணத்தின் ஊற்று அவர் வாங்கிய பங்கு. கடன்காரர்கள் வரும்போது ‘கம்பெனி வேறு, நான் வேறு’ என்று சொல்ல உதவும் அதே சுவர், வரி கணக்கிடும்போதும் அங்கேயேதான் நிற்கிறது.