காலை ஓட்டத்துக்கும் மாலை ஓட்டத்துக்கும் நடுவே

மே 5, திங்கள்

கத்திரி வெயில் தொடங்கிவிட்டது. இந்த வாரம் மூன்று நாள் இரண்டு வேளை ஓட்டம். காலை ஐந்தரைக்குக் கோட்டைப் பக்கம் 12 கிலோமீட்டர் நிதான ஓட்டம், மாலை ஆறு மணிக்கு மைதானத்தில் வேகப் பயிற்சி. காலையில் முடிக்கும்போது மணி ஆறே முக்கால். அப்படியானால் நடுவில் பதினொரு மணி நேரம் இருப்பதுபோலத் தெரியும். ஆனால் நாலு மணிக்கு மேல் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வேகமாக ஓட முடியாது. மதியம் அலுவலகத்தில் வேலை எப்போது விடும் என்று சொல்லவும் முடியாது. அதனால் மாலை ஓட்டத்துக்கான சாப்பாட்டைப் பகல் பதினோரு மணிக்குள் பெரும்பாலும் முடித்துவிட வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

சோறு, பழம் போன்றவற்றின் மாவுச்சத்திலிருந்து வரும் சர்க்கரையைத் தசை கிளைகோஜனாக மாற்றித் தனக்குள் சேர்த்து வைக்கிறது, ஓடும்போது அதை எரிக்கிறது. ஓட்டம் முடிந்த முதல் ஒரு மணி நேரத்துக்கு, இன்சுலின் அதிகம் உதவாமலே தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை வேகமாக இழுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு வேகம் குறைந்துவிடும். இரண்டு மணி நேரம் தள்ளிச் சாப்பிட்டால், அடுத்த சில மணி நேரத்தில் சேரும் கிளைகோஜன் கணிசமாகக் குறைகிறது. அடுத்த ஓட்டம் மறுநாள்தான் என்றால் இது பெரிய விஷயமே இல்லை, மூன்று வேளைச் சாப்பாடு அதைச் சரிக்கட்டிவிடும். அன்றைக்கே மறுபடி ஓடப் போகிறவருக்குத்தான் இந்த அவசரம்.

மே 6, செவ்வாய்

மைதானத்தில் ராணுவ ஆள்சேர்ப்புக்குத் தயாராகும் தம்பி ஒருவன் ஓட்டம் முடிந்ததும் ஷேக்கரில் புரதப் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்தான். “அரை மணிக்குள்ள குடிக்கலன்னா வேஸ்ட்டுக்கா” என்றான். அதற்கப்புறம் ஒன்பதரை வரை ஒன்றும் சாப்பிடமாட்டானாம். அவனும் மாலையில் ஓடுகிறவன்.

அவசரம் மாவுச்சத்துக்குத்தான், புரதத்துக்கு இல்லை என்று சொன்னேன். புரதம் தசையைப் பழுது பார்க்கிறது. அந்த வேலை ஒரு நாள் முழுக்க நடக்கும். ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.3 கிராம் வீதம், மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கிடைத்தால் போதும். அவன் 65 கிலோ, அப்படியானால் வேளைக்கு 20 கிராம். அதை ஒன்பதரை மணி டிபனில் முட்டையோடு சாப்பிட்டாலும் வீணாகப் போகாது. ஆனால் வெறும் தண்ணீரில் கலக்கிய பொடி மாலை ஓட்டத்துக்கு எரிபொருள் தராது. “பொடியை விட வேண்டாம்டா, அதோட ரெண்டு வாழைப்பழம் சாப்பிடு” என்றேன். பழத்தை நாளையிலிருந்து கொண்டு வருகிறானாம்.

மாவுச்சத்து தேவையான அளவுக்குக் கிடைத்துவிட்டால், கூடவே புரதம் சேர்ப்பதால் கிளைகோஜன் அதிகமாக ஏறிவிடாது. வயிறு ஒத்துழைக்காமல் மாவுச்சத்து குறைந்துபோகும் நாளில்தான் புரதம் அதற்கும் கொஞ்சம் கைகொடுக்கும்.

மே 8, வியாழன்

இன்றைய கணக்கை முழுதாக எழுதிவைக்கிறேன். என் எடை 52 கிலோ. அடுத்த ஓட்டத்துக்கு எட்டு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால், முதல் நான்கு மணி நேரம் மணிக்கு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் மாவுச்சத்து என்பது விளையாட்டு ஊட்டச்சத்து நிபுணர்கள் சொல்லும் அளவு. எனக்கு இடைவெளி கூடுதல், அதனால் கீழ் அளவே போதும். மணிக்கு 52 கிராம், நான்கு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 210 கிராம்.

ஓட்டம் முடிந்து மூச்சு அடங்கியதும் நடுத்தர அளவு வாழைப்பழம் இரண்டு. அதில் 50 கிராம். வீட்டுக்கு வந்ததும் சர்க்கரை போட்ட ஒரு டம்ளர் பால், அதில் 20. எட்டு மணிக்கு ஐந்து இட்லி, 50 கிராம். சாம்பாரோடு அவித்த முட்டை இரண்டு. இட்லி, சாம்பார், முட்டை எல்லாம் சேர்ந்தால் புரதம் 20 கிராமைத் தாண்டிவிடும். பத்து மணிக்கு அலுவலகத்தில் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையும் வெல்லமும், 35 கிராம் வரும். பதினொன்றுக்கு டிபன் பாக்ஸில் தயிர்சாதம், சோறு மட்டும் 200 கிராம், அதில் 56. கூட்டிப் பார்த்தால் 211.

அம்மாவுக்கு இதில் ஒரு வருத்தம். காலையில் கேழ்வரகுக் களியும் கீரையும்தான் உடம்புக்கு நல்லது என்பார். நல்லதுதான், ஓட்டம் இல்லாத நாளில் நானே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறேன். ஆனால் இரண்டு வேளை ஓடும் நாளின் காலையில் நார்ச்சத்து அதிகமானால் சீக்கிரம் வயிறு நிறைந்துவிடுகிறது, கணக்கு பாதியில் நின்றுவிடும். பூரி, வடையில் எண்ணெய் அதிகம், அது வயிற்றிலிருந்து இறங்க நேரமாகும். வெயிலில் ஓடி வந்ததும் பசியே எடுக்காத நாட்களும் உண்டு. அன்றைக்கு மெல்லுவதைவிடக் குடிப்பது சுலபம், பழத்தைப் பாலில் அடித்துக் குடித்துவிடுவேன்.

மே 9, வெள்ளி

இன்று தண்ணீர்க் கணக்கு. ஓடுவதற்கு முன், சிறுநீர் கழித்துவிட்டு எடை பார்த்தேன், 52.3. முடித்துவந்து வியர்வையைத் துடைத்து, அதே மாதிரி மெல்லிய உடையில் பார்த்தால் 51.1. வழியில் 200 மில்லி குடித்திருந்தேன். ஆக வியர்வையாகப் போனது சுமார் 1.4 லிட்டர், உடலில் இப்போது குறைவு 1.2.

1.2 லிட்டரைத் திரும்பக் குடித்தால் சரியாகிவிடாது. குடித்ததில் ஒரு பங்கு சிறுநீராகப் போய்விடும். குறைந்த எடையைப்போல் ஒன்றே கால் முதல் ஒன்றரை மடங்கு வேண்டும். எனக்கு 1.5 முதல் 1.8 லிட்டர். அதை மூன்று நான்கு மணி நேரத்துக்குப் பிரித்துக் குடிக்கிறேன். மடமடவென்று வெறும் தண்ணீரை ஊற்றிக்கொண்டால் சீக்கிரமே வெளியே போய்விடும், உடம்பில் தங்காது. தங்க வைப்பது உப்பு. அதனால் அரை லிட்டர் மோரில் கால் டீஸ்பூன் உப்பு போடுகிறேன். மீதித் தண்ணீரை இட்லி சாம்பாரோடு குடித்தால் சாம்பாரின் உப்பும் சேரும். கோட்டைக்கு வெளியே இளநீர் கிடைக்கிறது, எனக்குப் பிடிக்கும். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் கொஞ்சம்தான். வியர்வையில் முக்கியமாகப் போவது சோடியம். இளநீர் குடித்தாலும் மோரை விடுவதில்லை.

ஓடிவிட்டு வரும்போது எடை கூடியிருந்தால் அது அளவுக்கு மேல் குடித்ததன் அடையாளம். ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய்த் தலைவலி, குமட்டல் வரும், முற்றினால் உயிருக்கே ஆபத்து. ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்த உப்பு அளவை மருத்துவரிடம் கேட்காமல் பின்பற்ற வேண்டாம்.

மே 10, சனி

மாலைப் பயிற்சியில் கால் கனத்தது என்றால் காரணம் சாப்பாடா, தண்ணீரா என்று தம்பி கேட்டான். நான் கைக்கடிகாரத்தில் இதயத்துடிப்பைப் பார்ப்பேன். வழக்கமான வேகத்தில் ஓடும்போதே துடிப்பு வழக்கத்தைவிட ஏறிப்போனால், பெரும்பாலும் வெயிலும் தண்ணீர்க் குறைவும். துடிப்பு ஏறாமலே கால் மட்டும் இழுத்து, முதல் சுற்றிலேயே வேகம் வரவில்லை என்றால் மாவுச்சத்தைச் சந்தேகிப்பேன். தூக்கம் கெட்ட நாளிலும் இப்படி இருக்கும், அதனால் ஒரு நாளை வைத்து முடிவுக்கு வருவதில்லை.

இரவு சாப்பாடு எட்டு மணிக்கு. நாளை ஞாயிறு, ஒரே ஒரு நீண்ட ஓட்டம், திங்கள் ஓய்வு. ஓடி முடித்ததும் பழத்தைத் தேடி ஓட வேண்டியதில்லை. குளித்துவிட்டு, அம்மா கிண்டும் களியையே சாப்பிடலாம்.