பச்சைக் கீற்றும் என் கண்ணும்

மார்ச் 4, செவ்வாய்

சூரியன் மறையும் கடைசி நொடியில் எப்போதாவது தெரியும் பச்சைக் கீற்றைப் பார்க்க, சிங்கப்பூரின் துவாஸ் பக்கம் ராஃபிள்ஸ் மரினா கலங்கரை விளக்கத்துக்குப் போனேன். ஏழே கால் வாக்கில் சூரியன் ஜொகூர்க் கரையின் கிரேன்களுக்குப் பின்னால் இறங்கியது. பத்து நிமிடமாகக் கண்ணெடுக்காமல் பார்த்திருந்தேன். கடைசிக் கீற்று பச்சை! கத்தியே விட்டேன்.

மார்ச் 5, புதன்

முப்பது வருடம் கப்பலில் இருந்த மாமாவுக்குப் போன் போட்டேன். "எவ்வளவு நேரம்மா பார்த்துக்கிட்டு இருந்தே?" என்றார். சொன்னேன். "அப்ப அது சூரியன் இல்லை, உன் கண்ணு."

சிவந்த சூரியனையே பார்த்துக்கொண்டிருந்தால் சிவப்பை உணரும் செல்கள் சோர்ந்துவிடுமாம். அப்புறம் மஞ்சள்கூடப் பச்சையாகத் தெரியும். கடைசி நொடிவரை வேறு பக்கம் பார்க்க வேண்டும், தொலைநோக்கியைத் தொடவே கூடாது என்றார். உதயத்தில் இந்த ஏமாற்று இல்லை. இருட்டுக்குப் பழகிய கண்ணுக்கு முதலில் வருவதே மேல் விளிம்புதான். ஆனால் அது எந்த இடத்தில் முளைக்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

மழை, வீட்டிலேயே இருந்தேன். உண்மையான பச்சை எப்படி வருகிறது என்று ஒருவழியாகப் புரிந்தது.

அடிவானத்தில் காற்று ஒளியை அரைப் பாகைக்கும் மேல் வளைக்கிறது. சிவப்பைவிடப் பச்சை கொஞ்சம் அதிகமாக வளைவதால், சூரியனின் பச்சைப் பிம்பம் ஒரு மயிரிழை மேலே நிற்கிறது. நீலம் இன்னும் மேலே இருக்க வேண்டியதுதான். ஆனால் அவ்வளவு நீளக் காற்றுப் பாதையில் அது பெரும்பாலும் சிதறிப்போகிறது. மிஞ்சுவது பச்சை விளிம்பு.

சிக்கல் என்னவென்றால், அந்த விளிம்பின் தடிமன் சுமார் 10 விகலை. ஒரு பாகைக்கு 3600 விகலை. நம் கண் பிரித்தறிவது 60 விகலை வரைதான். வெறுங்கண்ணுக்குத் தெரிய யாராவது அதை இழுத்துப் பெரிதாக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது கானல். கடல்நீர் மேலே உள்ள காற்றைவிடச் சூடாக இருந்தால், இறங்கும் சூரியனுக்குக் கீழே தலைகீழ்ப் பிம்பம் ஒன்று எழும். இரண்டும் ஒட்டும்போது சூரியனுக்குக் கால் முளைத்தது போலிருக்கும். கடைசியில் மேல் விளிம்பும் அதன் பிம்பமும் சேர்ந்து ஒரு தட்டையான துளியாகி, பச்சையாகி, மறைகின்றன.

மார்ச் 10, திங்கள்

மாமா அந்தமான் கடலில் பார்த்தாராம். "முதல்ல கால் வந்துச்சும்மா. அதைப் பார்த்ததும் தயாராயிட்டேன். ஒரு நொடிதான்."

அந்த ஒரு நொடிக்கும் காரணம் உண்டு. நிலநடுக்கோட்டருகே சூரியன் ஏறக்குறைய நேர்குத்தாக, நொடிக்கு 15 விகலை இறங்குகிறது. துருவப் பக்கம் அடிவானத்தை உரசிக்கொண்டே சாய்ந்து போகும். 1929இல் அண்டார்ட்டிகாவில் அமெரிக்க ஆய்வுப் பயணி பேர்டின் குழுவினர் விட்டுவிட்டு 35 நிமிடம் பார்த்தார்கள். பொறாமையாக இருக்கிறது.

மார்ச் 15, சனி

விடியற்காலையில் பெடோக் ஜெட்டி. கிழக்கே சாங்கிக் கரை, தெற்கே நங்கூரமிட்ட கப்பல்கள், அவற்றுக்குப் பின்னால் இந்தோனேசியத் தீவுகள். சூரியன் எட்டிப் பார்த்தபோதே மேகத்துக்கு மேலே, வெள்ளையாக இருந்தது. மாமாவிடம் சொன்னேன். "ஜெட்டியில நின்னா கிடைக்காதும்மா. திறந்த கடலுக்குப் போகணும்."

ஜூனில் மலேசியாவின் தியோமான் தீவின் கிழக்குக் கரைக்கு, உதயம் பார்க்கப் போகிறேன். இந்த முறை சூரியன் முளைக்கும் இடத்தை முன்பே தெரிந்துகொண்டுதான் காத்திருப்பேன்.