கடையை மூடவா, இருக்கவா?

மொபைல் நிறுவனத்தின் கால் சென்டர் ஏஜென்ட்களுக்கான எங்கள் பயிற்சிக் கையேட்டின் ஏழாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கிறது: 'நெட்வொர்க் சரியாகும் நேரத்தைச் சொல்லாதீர்கள், அடுத்த தகவல் வரும் நேரத்தைச் சொல்லுங்கள்.' அதை எழுதியவர்களில் நானும் ஒருவன். ஒரு அழைப்பின் பதிவைக் கேட்ட பிறகு, வகுப்பில் அந்த வரி வரும்போது குரல் தானாகவே இறங்கிவிடுகிறது.

மதியம் இரண்டே முக்கால். பேசியவர் மளிகைக் கடைக்காரர். "தம்பி, க்யூஆர் ஓடல, வர்றவன் கையில காசில்ல. கடையை மூடிட்டுப் போகவா, இருக்கவா? அத மட்டும் சொல்லு." ஏஜென்ட் பையன் கையேட்டை அப்படியே பின்பற்றினான். "அடுத்த தகவல் நாலு மணிக்கு வரும் சார்." அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமில்லை. "தகவலை வெச்சு நான் என்னப்பா பண்ண?" என்று வைத்துவிட்டார்.

மற்றதெல்லாம் பையன் சரியாகவே செய்திருந்தான். பெரிய அளவில் நெட்வொர்க் போகும்போது கூப்பிடுகிறவர் பெரும்பாலும் வேறு யாருடைய போனிலிருந்தோதான் கூப்பிடுவார். அவருடையதுதான் வேலை செய்யவில்லையே. அழைக்கும் எண்ணை வைத்துத் திரையில் தானாகத் திறக்கும் கணக்கு பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருக்கும். அதனால் முதல் கேள்வி, "எந்த நம்பர்ல பிரச்சினை சார்?", அடுத்தது பின்கோடு. பாதித்த பகுதிதான் என்று தெரிந்த பிறகு போனை அணைத்துப் போடச் சொல்லக் கூடாது. கோபம் வெடிப்பது அங்கேதான். தனிப் புகார் திறக்காமல், அந்தப் பகுதி முழுவதற்குமாகத் திறந்த பெரிய புகாரோடு இணைக்க வேண்டும். "எஸ்எம்எஸ் வரும்" என்று சொல்வதானால் மாற்று எண் கேட்டு வாங்க வேண்டும். செத்துக் கிடக்கும் நம்பருக்கே எஸ்எம்எஸ் அனுப்புவதாக உறுதி சொன்ன ஏஜென்ட்கள் உண்டு.

நஷ்ட ஈட்டுப் பேச்சையும் அவன் எடுக்கவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2024 விதிகளில் வாடகைக் கழிவும் வேலிடிட்டி நீட்டிப்பும் உண்டுதான், ஆனால் பாதிப்பு 24 மணி நேரத்தைத் தாண்டினால்தான் அந்தப் பேச்சே.

அப்புறம் ஏன் உறுத்துகிறது? நேரம் சொல்லாதே என்றதற்கு வலுவான காரணம் இருந்தது. "ரெண்டு மணி நேரத்துல வந்துடும்" என்று சொல்லி வராமல் போனால், அதே ஆள் திரும்பக் கூப்பிடும்போது எந்த வார்த்தையும் எடுபடாது. அன்று நடந்தது கேபிள் வெட்டு. சாலைப் பணி ஜேசிபி 48 இழைகள் கொண்ட ஃபைபரை அறுத்திருந்தது. அறுந்த நுனிகளை இழுத்து நேராக ஒட்ட முடியாது, நீளம் போதாது. நடுவில் புதுத் துண்டு போட்டு இரண்டு முனையிலும் ஒட்ட வேண்டும். ஆக 96 ஒட்டு. ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்று வைத்தாலும் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். தோண்டுவதும் மழையும் தனிக் கணக்கு.

இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எங்கள் வரி மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. எப்போது வரும் என்று தெரியாவிட்டாலும், எதற்கு முன்னால் வராது என்பது தெரிந்திருக்கலாம். ஒரே ஒரு ஒட்டும் மிஷின், வேலை மூன்று மணிக்குத் தொடங்குகிறது என்றால், ஒரு முனையின் 48 இழைகளை முடிக்கவே ஐந்தரை ஆகிவிடும். அடுத்த முனையைத் தொடும்வரை ஒரு டவருக்கும் உயிர் வராது. "அஞ்சரைக்கு முன்னாடி எதிர்பார்க்காதீங்க சார்" என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். சில்லறையை வாங்கி வைத்துக்கொண்டு உட்காருவதா, மதியச் சாப்பாட்டுக்குப் போவதா என்று அவர் முடிவெடுத்திருப்பார்.

இதுவும் உறுதியில்லை. இரண்டு குழு வந்து இரு முனையிலும் ஒரே நேரத்தில் ஒட்டினால், முக்கியமான இழைகளுக்குத்தான் முதலிடம். கால் மணி நேரத்தில் சில டவர்கள் எழுந்துவிடும். ஐந்தரை என்று நம்பிக் கடையை மூடியவருக்கு மூன்றே காலுக்கே நெட்வொர்க் வந்தால், அவர் இழந்த வியாபாரம் எங்கள் கணக்கில்தான். பக்கத்துத் தெருவில் நெட்வொர்க் வந்தும் தனக்கு வராதவர் போடும் சண்டையும் இதனால்தான். அதைத் தீர்க்க ஏஜென்ட்டிடம் ஒரே பதில்தான் உண்டு: "உங்க டவர் இணைஞ்சிருக்கிற இழை இன்னும் ஒட்டப்படல." அது உண்மை, ஆனால் அவனுக்கு அது எப்படித் தெரியும்?

சில நாட்கள் எங்கள் வரியே சரி என்று தோன்றுகிறது. பொய்யாகிவிடாத ஒரே நேரம் அடுத்த தகவலின் நேரம்தான். அதுவும் நாலு மணிக்குப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் "புதுசா ஒண்ணும் இல்ல சார், அடுத்தது ஆறு மணிக்கு" என்று சொன்னால் மட்டும். மற்ற நாட்களில் அந்த மௌனம் காதில் விழுகிறது. எங்களுக்கு உண்மையான வரி ஒன்று கிடைத்தது. அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

நெட்வொர்க் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வரும் தகவல் படிவத்தில் இரண்டு கட்டங்கள் சேர்க்கச் சொல்லி எழுதினேன்: காரணம் என்ன, எத்தனை ஒட்டும் குழு. முதல் கட்டத்தை நிரப்பி அனுப்புகிறார்கள். இரண்டாவது பெரும்பாலும் காலியாகவே வருகிறது. ஏழாம் பக்கத்தை இன்னும் மாற்றவில்லை.