பன்னிரண்டு ஸ்லைடுக்குள் ஒரு வைவா

எங்கள் துறையில் முதுகலை வைவாவுக்குப் பன்னிரண்டு ஸ்லைடுதான். தலைப்பும் நன்றியும் அதற்குள்ளேயே அடக்கம். ஆய்வேட்டின் அத்தியாய வரிசையை அப்படியே பிபிடியில் இறக்கினால் இந்தக் கணக்கு எங்கே இடிக்கும் என்பதை, மேலூர்ப் பக்கத்துக் கண்மாய் ஒன்றைச் சுற்றியுள்ள கிணறுகளை ஆராய்ந்த மாணவியோடு உட்கார்ந்தபோது தெளிவாகப் பார்த்தேன்.

அவர் கொண்டுவந்த வரைவில் தலைப்பு, பொருளடக்கம், அறிமுகம் இரண்டு, முந்தைய ஆய்வுகள் மூன்று, ஆய்வுப் பகுதி, செய்முறை இரண்டு. பத்து ஸ்லைடு அதிலேயே போய்விட்டது. நன்றியைக் கழித்தால் முடிவுகளுக்கு மிஞ்சியது ஒன்று. வருஷம் முழுக்க வெயிலில் அலைந்து எடுத்த அளவுகள் எல்லாம் அந்த ஒரே ஸ்லைடில் எறும்பு எழுத்தில் கிடந்தன.

பிபிடியை மூடிவிட்டு, "கடைசியில் என்னம்மா சொல்லப்போறீங்க? மூணு வாக்கியத்துல எழுதுங்க" என்றேன். எழுதினார். பெரியாறு பிரதான வாய்க்காலில் தண்ணீர் வந்ததும், மழைக்கு முன்பே ஆயக்கட்டுக் கிணறுகளில் மட்டம் ஏறுகிறது. அந்தக் கிணறுகளில் கரைந்த உப்பு குறைகிறது. ஆனால் நைட்ரேட் குறையவில்லை, சில கிணறுகளில் கூடுகிறது.

இந்த மூன்றும் இடம் மாற முடியாதவை. உப்பு குறைந்ததற்கு அவர் சொல்லும் காரணம், வாய்க்கால் தண்ணீர் உள்ளே இறங்கி நீர்த்துப்போகச் செய்தது என்பது. மட்டம் ஏறியதைக் காட்டாமல் அதைச் சொன்னால் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். நீர்த்துப்போனால் நைட்ரேட்டும் குறைய வேண்டுமே என்ற கேள்வி அதற்கப்புறம்தான் எழும். ஆக மட்டம், உப்பு, நைட்ரேட். மட்டத்துக்கு இரண்டு, உப்புக்கு ஒன்று, வாதம் சூடுபிடிக்கும் நைட்ரேட்டுக்கு இரண்டு என்று ஐந்து ஸ்லைடை முதலில் ஒதுக்கிவிட்டு, மற்றதெல்லாம் மிச்சத்தில் அடங்கட்டும் என்று பின்னாலிருந்து முன்னால் வந்தோம்.

ஆய்வுக் கேள்வியைத் தலைப்புக்கு அடுத்து வைக்க அவர் விரும்பினார். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் "வாய்க்காலா, மழையா" என்ற கேள்வி, வாய்க்கால் எங்கே ஓடுகிறது, கண்மாயும் ஆயக்கட்டும் எந்தப் பக்கம் என்று தெரியாத வெளித் தேர்வாளருக்குப் புரியாது. அதனால் வரைபடம் இரண்டாவது, கேள்வி மூன்றாவது. கிணறுகளை வரைபடத்திலேயே குறித்துவிட்டதால் மாதிரி எடுத்த இடங்களுக்குத் தனி ஸ்லைடு தேவைப்படவில்லை.

செய்முறைக்கு இரண்டு. ஒன்று முழுக்கக் காலக்கோடு: வாய்க்கால் திறக்கும் முன், திறந்த பின் மழைக்கு முன், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் என மூன்று சுற்று. நடுச் சுற்று இல்லையென்றால் முதல் முடிவே இல்லை, அதனால் அதற்கு முழு ஸ்லைடு தகும். இன்னொன்று ஆய்வகம். அயனிச் சமநிலைப் பிழை ±5 சதவீதத்துக்குள் இருந்தது என்ற வரி அதில் கட்டாயம். நீர் வேதியியல் தெரிந்த தேர்வாளர் முதலில் தேடுவது அதைத்தான்.

"லிட்ரேச்சர் இல்லாம எப்படி சார்?" என்று பதறினார்.

"இருக்கும்மா, இடம்தான் மாறுது."

ஆய்வு இடைவெளி, கேள்வி ஸ்லைடில் இரண்டு வரியாகப் போனது. ஒப்பிடவேண்டிய கட்டுரைகள் அந்தந்த முடிவின் விளக்கப்படத்துக்குக் கீழேயே வந்தன. தேர்வாளர்கள் ஆய்வேட்டைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். யார் எந்த வருஷம் என்ன செய்தார் என்ற பட்டியல் அவர்களுக்கு வேண்டாம், உங்கள் எண் அந்தக் கட்டுரைகளின் எண்ணிலிருந்து ஏன் விலகுகிறது என்பதுதான் வேண்டும். பொருளடக்கம் போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

வரம்புகளைத் தனியாகக் கடைசியில் வைப்பது வழக்கம். அதை நான் ஏற்பதில்லை. பதினோராவது ஸ்லைடில் ஒவ்வொரு முடிவுக்கும் எதிரிலேயே அதன் வரம்பை எழுதச் சொன்னேன். நைட்ரேட் மல்லிகைத் தோட்டத்து உரத்திலிருந்து வந்ததா, வீட்டுக் கழிவுத் தொட்டியிலிருந்தா என்று இந்த அளவுகளை வைத்துப் பிரிக்க முடியாது; அதற்கு நைட்ரஜன் ஐசோடோப்புகளை அளந்திருக்க வேண்டும், அதுவும்கூட சாணத்தையும் மனிதக் கழிவையும் தெளிவாகப் பிரித்துத் தராது. இதை அவர் வாயாலேயே சொல்லிவிட்டால் மடக்குவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது.

பிறகு ஸ்லைடுத் தலைப்புகளை மட்டும் உரக்கப் படிக்கச் சொன்னேன். 'முடிவுகள் 1', 'முடிவுகள் 2' என்று வந்ததும் அவருக்கே பிடிபட்டது. 'மழைக்கு முன்பே மட்டம் ஏறியது' என்று மாற்றினார். தலைப்புகளை மட்டும் கேட்டாலே கதை ஓடியது.

கிணறுவாரியான அட்டவணைகள், அயனிக் கணக்கு எல்லாம் நன்றிக்குப் பின்னால் போயின. அவை காட்டப்படாதவரை பன்னிரண்டு பன்னிரண்டுதான், துறைத்தலைவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டோம். வைவாவில் வெளித் தேர்வாளர் எட்டாவது ஸ்லைடிலேயே நிறுத்தி, நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டிய கிணறுகள் எவை என்று கேட்டார். மாணவி அவசரமாகப் பக்கம் பக்கமாகத் தள்ளவில்லை. 14 என்று தட்டி என்டரை அழுத்தினார், அட்டவணை வந்தது. பதில் சொல்லிவிட்டு, அதேபோல 8 தட்டித் திரும்பிவந்து உப்பிலிருந்து தொடர்ந்தார்.