ஒரு கேள்விக்கு மறுநாள் அனுப்பிய பதில்

ஒரகடத்தில் உள்ள ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவு வேலைக்காக நேர்காணலுக்குப் போயிருந்தேன். எதிரே மூன்று பேர்: ஆலைத் தலைவர், பராமரிப்பு மேலாளர், ஹெச்ஆர் மேடம். முக்கால் மணி நேரத்தில் பாதி என் பழைய வேலை பற்றியே போனது. அதன்பிறகுதான் ஆலைத் தலைவர் கேட்டார்: "எங்க கம்ப்ரசருக்குக் கரண்ட் ரொம்பப் போகுது. வந்த முதல் மாசம் என்ன பண்ணுவீங்க?"

எனக்குப் பழக்கமான வேலை இது. காற்று லீக்கைக் கண்டுபிடிக்க உற்பத்தி இல்லாத ஞாயிற்றுக்கிழமைதான் சரியான நாள். எல்லா மெஷினும் நின்றிருக்கும்போது ஒரே ஒரு கம்ப்ரசரை மட்டும் ஓட விட வேண்டும். யாருமே காற்றைப் பயன்படுத்தவில்லை என்றால் அது லோடு ஆகவே கூடாது, அதாவது காற்றை அழுத்தி அனுப்பாமல் அன்லோடில் சும்மா சுற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் ஆகும். ஏனென்றால் குழாய் இணைப்புகளிலும் ஹோஸ்களிலும் காற்று போய்க்கொண்டே இருக்கும். எத்தனை விநாடி லோடில் ஓடுகிறது, எத்தனை விநாடி அன்லோடில் ஓடுகிறது என்று கைக்கடிகாரத்தை வைத்துக் குறித்தால் லீக் எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம். இதை விளக்கிச் சொன்னேன். தலைவர் தலையாட்டினார்.

அப்போது பராமரிப்பு மேலாளர் ஒரு கேள்வி கேட்டார். "ஞாயிற்றுக்கிழமையும் எங்க ஹீட் ட்ரீட்மெண்ட் ஃபர்னஸ் சூடாவே இருக்கும். அதுக்கு நைட்ரஜன் போயிட்டே இருக்கணும். நைட்ரஜன் பிளாண்ட் கம்ப்ரசர் காத்துலதான் ஓடுது. அப்ப எது லீக், எது நைட்ரஜனுக்குப் போற காத்துன்னு எப்படிச் சொல்வீங்க?"

"அந்த லைன் வால்வை மூடிடலாம் சார்" என்றேன். "மூட முடியாது" என்றார். நான் யோசிப்பதற்குள் ஹெச்ஆர் மேடம் நோட்டீஸ் பீரியட் பற்றிக் கேட்க, பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

தாம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது பதில் கிடைத்தது. நைட்ரஜன் பிளாண்டை நிறுத்தவே வேண்டாம். அது ஓடட்டும். முதலில் எல்லா வால்வும் திறந்த நிலையில் ஒரு அளவு எடுக்க வேண்டும். பிறகு மெஷின் ஷாப்புக்குப் போகும் வால்வை மட்டும் மூடி இன்னொரு அளவு. நைட்ரஜனுக்குப் போகும் காற்று இரண்டு அளவிலும் ஒன்றுதான் என்பதால் கழிக்கும்போது அது அடிபட்டுப் போகும். மிஞ்சுவது மெஷின் ஷாப் லீக் மட்டும்.

அன்று இரவு நன்றி மெயில் எழுத உட்கார்ந்தேன். முதலில் வந்தது எல்லாரும் எழுதுவதுதான்: வாய்ப்புக்கு நன்றி, உங்கள் நிறுவனத்தில் பணியாற்ற ஆவலாக இருக்கிறேன். இதை எந்தக் கம்பெனிக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். அழித்துவிட்டேன். என் பழைய மேலாளருக்கு போன் போட்டுக் கேட்டேன். "தப்பாச் சொன்னதை நீயா ஏம்ப்பா ஞாபகப்படுத்துற? நன்றி மட்டும் சொல்லிட்டு விடு" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் கேள்வி கேட்டவருக்கு அது மறந்திருக்காது. தினமும் அந்தக் கம்ப்ரசர் ரூமுக்குப் போகிறவர் அவர். நான் பதில் சொல்லாமல் விட்ட இடம்தான் அவர் மனதில் நின்றிருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

எழுதி முடிக்கும்போது பதினொரு மணி. அப்போதே அனுப்பவில்லை. காலையில் எழுந்து படித்தபோது கணக்கில் ஒரு பிழை தெரிந்தது. 80 விநாடி லோடு, 240 விநாடி அன்லோடு என்று உதாரணம் கொடுத்துவிட்டு, 80-ஐ 240-ஆல் வகுத்து 33 சதவீதம் என்று எழுதியிருந்தேன். மொத்த நேரமான 320-ஆல் வகுக்க வேண்டும். 25 சதவீதம்தான் சரி. தவறான பதிலைத் திருத்தப் போகும் மெயிலில் இன்னொரு தவறு இருந்தால் அந்த மெயிலை அனுப்பாமலே இருந்திருக்கலாம். ஒரு இரவு தள்ளிப் போட்டதால் பிழைத்தேன்.

எட்டரைக்கு அனுப்பினேன். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் தருகிறேன். இதில் வரும் சிஎஃப்எம் என்பது நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்ற அளவு:

"வணக்கம். நேற்று நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு மூவருக்கும் நன்றி. நைட்ரஜன் பிளாண்ட் ஓடும்போது லீக்கை எப்படிப் பிரித்தறிவது என்று பராமரிப்பு மேலாளர் கேட்டார். வால்வை மூடலாம் என்று நான் சொன்னது உங்கள் ஆலைக்குப் பொருந்தாது. ஷாப் வால்வைத் திறந்தும் மூடியும் இரண்டு அளவுகள் எடுத்துக் கழிக்கலாம் என்பது என் எண்ணம். உதாரணமாக, 500 சிஎஃப்எம் கம்ப்ரசர் திறந்த நிலையில் 120 விநாடி லோடு, 120 விநாடி அன்லோடு ஓடினால் 50 சதவீதம், அதாவது 250 சிஎஃப்எம். மூடியபின் 80, 240 என்றால் 25 சதவீதம், 125 சிஎஃப்எம். வித்தியாசமான 125 சிஎஃப்எம் அந்த ஷாப்பின் லீக். வேகம் மாறும் டிரைவ் உள்ள கம்ப்ரசரில் இந்த முறை பயன்படாது. இதை மற்ற இருவருக்கும் அனுப்பிவைக்க வேண்டுகிறேன்."

அவ்வளவுதான். ரிசல்ட் எப்போது என்று கேட்கவில்லை. மற்ற இருவரின் மெயில் முகவரி என்னிடம் இல்லை. அதைத் தேடி எடுத்து அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஹெச்ஆர் மேடம் அனுப்பிய நேர்காணல் அழைப்பு மெயிலுக்கே பதிலாக அனுப்பினேன். என் பெயரும் விண்ணப்பமும் அதே இழையில் இருப்பதால் அவர் தேட வேண்டியதில்லை.

ஒரு விஷயத்தை வேண்டுமென்றே விட்டேன். ஆலைத் தலைவர் பேச்சுவாக்கில் மாதக் கரண்ட் பில் தொகையைச் சொல்லியிருந்தார். அதை வைத்து, லீக்கை அடைத்தால் இவ்வளவு ரூபாய் மிச்சம் என்று எழுதினால் மெயில் எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அறைக்குள் நம்பிச் சொன்ன தொகை அது. மெயில் யார் யாருக்கோ போகும். என் பழைய கம்பெனியின் அளவுகளையும் இதே காரணத்துக்காகத் தொடவில்லை. 500 சிஎஃப்எம் என்பது நானாக வைத்த எண்.

எல்லா நேர்காணலுக்கும் இப்படி எழுத முடியாது. அதற்கு முந்தைய மாதம் போன ஓர் இடத்தில் என் பயோடேட்டாவை வரிவரியாகப் படித்துச் சரிபார்த்ததோடு சரி. குறிப்பிட்டுச் சொல்லும்படி ஒன்றுமே பேசவில்லை. அங்கே இரண்டு வரி நன்றி மட்டும் அனுப்பினேன். பேசாத ஒன்றைப் பேசியதாக எழுதினால் எதிரே இருந்தவர்களுக்குத் தெரியாதா?

மேடத்திடமிருந்து "பகிர்ந்துவிட்டேன்" என்று ஒரே வரி வந்தது. பன்னிரண்டு நாள் கழித்து இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிட்டார்கள். பராமரிப்பு மேலாளர் மெயிலைப் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். "நைட்ரஜன் பிளாண்ட்ல ரெண்டு டவர் மாறி மாறி வேலை செய்யும். காத்து ஒரே சீராப் போகாதே?" என்றார். இந்த முறை தயாராக இருந்தேன். ஒரு சுற்றை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், பத்துச் சுற்றின் லோடு நேரத்தையும் அன்லோடு நேரத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் கணக்கிடலாம் என்றேன். பேனாவை எடுத்து அந்தத் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

வேலையில் சேர்ந்த இரண்டாவது ஞாயிறு இருவரும் கம்ப்ரசர் ரூமில் நின்று அளவெடுத்தோம். ஷாப் வால்வை மூடியும் எண்கள் கிட்டத்தட்ட மாறவே இல்லை. ஷாப்பில் லீக் இல்லை என்று அர்த்தமா? உள்ளே போய்க் கேட்டால் உஸ்ஸென்ற சத்தம் அப்படியே இருந்தது. வால்வுதான் முழுதாக அடைக்காமல் காற்றை விட்டுக்கொண்டிருந்தது. லைனில் பிரஷரை இறக்கி, குழாய் இணைப்பின் ஃபிளாஞ்சுக்கு நடுவில் வழியை முழுதாக அடைக்கும் ஒரு பிளைண்ட் தகட்டைப் போட்டு, மறுபடியும் முதலிலிருந்து எடுத்தோம்.