நாலு மணிக்குத் துளி எண்ணுவது

மட்டக்களப்பில் நான் வேலை செய்யும் வார்டில் நைட் டியூட்டி இரவு 7 மணிக்குத் தொடங்கிக் காலை 7 மணிக்கு முடியும். நோயாளர் தொகை குறைவு, டொக்டர் ரவுண்ட் இல்லை, அதனால் லேசான வேலை என்று வெளியில் நினைப்பார்கள். விடிய 3 மணிக்கும் 5 மணிக்கும் இடையில் சேலைன் துளி எண்ணிப் பார்த்தால் தெரியும்.

500 மில்லிலீற்றர் சேலைனை 6 மணித்தியாலத்தில் ஏற்றச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். ஒரு மில்லிலீற்றருக்கு 20 துளி விழும் குழாய் செட் என்றால் மொத்தம் 10,000 துளி. அதை 360 நிமிடத்தால் வகுத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 28. அதாவது இரண்டு செக்கனுக்குக் கொஞ்சம் கூடுதலான இடைவெளியில் ஒரு துளி.

அந்த நேரத்தில்தான் உடம்பின் வெப்பம் மிகவும் இறங்கியிருக்கும், தூக்கத்துக்கான மெலடோனின் உயர்ந்தே இருக்கும். கண் திறந்திருக்க, மூளை சில செக்கன் தூங்கிவிட்டு வரும். தூங்கியது நமக்கே தெரியாது. ஆனால் அதற்குள் ஒன்றிரண்டு துளி விழுந்திருக்கும். 28 விழுந்த இடத்தில் 26 என்று எண்ணியவர், சேலைன் மெதுவாக ஓடுகிறது என்று நினைத்து கிளாம்பைக் கொஞ்சம் திறந்துவிடுவார். இளம் ஆளுக்கு அது பெரிய விஷயமில்லை. இதயம் பலவீனமான அப்பம்மாவுக்கு, ஒவ்வொரு தடவையும் அப்படித் திறந்துகொண்டே போனால், மூச்சு முட்டும்.

அதனால் எங்கள் வார்டில் 3 மணிக்குப் பிறகு ஒருவர் எண்ணியதை மட்டும் வைத்து யாரும் கிளாம்பைத் தொடுவதில்லை. இன்னொருவர், முதல் ஆளின் எண்ணைக் கேட்காமல், முழு நிமிடமும் எண்ணுவார். "அக்கா, எனக்கு நித்திரை வரவே இல்லை" என்று சொல்லும் பிள்ளைக்கும் இதுதான். நித்திரை குறைந்தவர் தன் கவனத்தைத் தானே மதிப்பிட்டால் பெரும்பாலும் கூட்டித்தான் சொல்வார். வார்டில் ஒரே ஒரு நேர்ஸ் இருக்கும் இரவில் இது நடக்காது. அப்போது எத்தனை மணிக்கு மட்டம் எங்கே இருக்கவேண்டும் என்று குறித்த நேரக்கோட்டைப் போத்தலில் ஒட்டி, மட்டம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பதுதான் வழி.

மனநிலையும் அந்த நேரத்திலேயே கெடும். "மிஸ்ஸி, இன்னும் எவ்வளவு நேரம்?" என்று நோயாளியின் மகன் சாதாரணமாகக் கேட்டாலும் குற்றம் சொல்வது போலவே கேட்கும். அமெரிக்க அழைப்புகள் எடுக்கும் கோல் சென்டரில் வேலை செய்யும் என் தம்பிக்கும் அப்படித்தான். நியூயோர்க்கில் மாலை 6 மணி என்றால் இங்கே விடிய 3.30, குளிர்காலத்தில் 4.30. வாடிக்கையாளர் எல்லாரும் சண்டைக்கு வருவது போலத் தோன்றுமாம். பகலில் அந்தப் பதிவுகளைத் திரும்பக் கேட்டால் பாதிப்பேர் சாதாரணமாகத்தான் பேசியிருப்பார்களாம்.

மூன்று இரவு தொடர்ந்து செய்தால் உடம்பு பழகிவிடும் என்பார்கள். பெரும்பாலும் பழகாது. காலையில் கல்லடிப் பாலத்தில் முகத்தில் அடிக்கும் வெயில், உடம்புக் கடிகாரத்தைத் திரும்பவும் பகலுக்கே இழுத்துவிடும். அதனால் நான் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போவது. பக்கத்து வீட்டு மாமி அதைப் பார்த்து என்னை "ஹீரோயின்" என்கிறார்.